முதலில் எண்ணு, பிறகு வகு: மூணு சீட்டில் நிகழ்தகவு

சீட்டுக்கட்டைப் பற்றிய நிகழ்தகவுக் கணக்கில் கடைசியில் செய்யும் வகுத்தல் சுலபம். தப்பு எப்போதும் அதற்கு முன்னால், எண்ணும் இடத்தில்தான் நேர்கிறது. அதனால் சதவீதத்தை மறந்துவிட்டு, முதலில் எண்ணுவோம். போக்கரில் ஐந்து சீட்டு; எண்கள் லட்சக்கணக்கில் ஓடும். தீபாவளி இரவுகளில் பல வீடுகளில் ஆடும் மூணு சீட்டை எடுத்துக்கொண்டால், எல்லாக் கைகளையும் ஒரு தாளிலேயே எண்ணி முடித்துவிடலாம். ஜோக்கர் இல்லாத 52 சீட்டு, நன்றாகக் குலுக்கிய கட்டு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, மொத்தம் எத்தனை கைகள் என்று காண்பது. முதல் சீட்டு 52 விதமாக வரலாம், இரண்டாவது 51, மூன்றாவது 50. பெருக்கினால் 1,32,600. இது வரிசை மாற்றம்: எது முதலில் வந்தது என்பதையும் சேர்த்து எண்ணியது. ஆனால் ஆட்டக்காரருக்கு வந்த வரிசை முக்கியமில்லை; கையில் இருக்கும் மூன்று சீட்டுதான் முக்கியம். மூன்று சீட்டை 3 × 2 × 1 = 6 விதமாக அடுக்கலாம் என்பதால், ஒவ்வொரு கையும் அந்த எண்ணிக்கையில் ஆறு முறை வந்திருக்கிறது. 6-ஆல் வகுத்தால் 22,100. இதுதான் சேர்வு, C(52, 3).

வரிசையோடு எண்ணுவது தவறா? இல்லை. மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி எண்ணினால் போதும். மூன்றும் ஒரே மதிப்பாக, உதாரணமாக மூன்று ராணிகளாக, வரும் கையைப் பார்ப்போம். சேர்வாக எண்ணினால் 13 மதிப்புகளில் ஒன்று, அதன் நான்கு சீட்டுகளில் மூன்று: 13 × 4 = 52. வரிசையோடு எண்ணினால் 52 × 3 × 2 = 312. 52-ஐ 22,100-ஆல் வகுத்தாலும், 312-ஐ 1,32,600-ஆல் வகுத்தாலும் 425-இல் ஒன்றுதான். மேலே சேர்வும் கீழே வரிசை மாற்றமுமாகக் கலந்தால் 2,550-இல் ஒன்று என்று வரும். விடை சரியாக ஆறு மடங்கு பிசகியிருந்தால், கலப்படம் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து ஜோடி. இங்கே ஒரு பழக்கம் வேண்டும்: முதலில் மதிப்பு, பிறகு சின்னம். ஜோடிக்கான மதிப்பை 13 விதமாக எடுக்கலாம். அந்த மதிப்பின் நான்கு சீட்டுகளில் இரண்டை C(4, 2) = 6 விதமாக எடுக்கலாம். மூன்றாவது சீட்டு? மீதி 50 இருக்கிறதே என்று பலர் 50-ஆல் பெருக்குவார்கள், 3,900 கிடைக்கும். ஆனால் அந்த 50-க்குள் அதே மதிப்பின் இரண்டு சீட்டுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று வந்தால் கை ஜோடி அல்ல, மூன்றும் ஒன்றான கை. ஆகவே வேறு மதிப்புள்ள 48 சீட்டுகளில் ஒன்று என்று எண்ண வேண்டும்: 13 × 6 × 48 = 3,744. இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம் 156. அது 52-இன் மூன்று மடங்கு. மூன்று ராணிகளில் எந்த இரண்டை ஜோடி என்று சொல்வது என்பதற்கு மூன்று வழி உண்டு, அதனால் அப்படிப்பட்ட ஒவ்வொரு கையும் மூன்று முறை உள்ளே நுழைந்துவிட்டது.

வரிசைச் சீட்டில் எண்ணும் முன் விதியைக் கேளுங்கள். ஏஸ்-2-3 உண்டு, ராணி-ராஜா-ஏஸ் உண்டு, ராஜா-ஏஸ்-2 கிடையாது என்றால், 12 வரிசைகள். மூன்று சீட்டும் ஒரே சின்னமாக இருந்தால் 12 × 4 = 48. சின்னம் எதுவானாலும் சரி என்றால் ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு வழி, 12 × 64 = 768; அதில் 48-ஐக் கழித்தால் சாதாரண வரிசை 720. கலர், அதாவது வரிசையில்லாமல் ஒரே சின்னம், அதே மாதிரிதான்: 4 × C(13, 3) = 4 × 286 = 1,144, கழித்தால் 1,096.

மிஞ்சியது ஒன்றும் அமையாத கை. 22,100-இலிருந்து மற்றதைக் கழித்துப் பெற்றுவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள், செய்தால் சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது. தனியாகவே எண்ணுங்கள். மூன்று வெவ்வேறு மதிப்புகளை 286 விதமாக எடுக்கலாம். வரிசையாக அமையும் 12-ஐ நீக்கினால் 274. சின்னங்கள் 64 விதம். மூன்றும் ஒன்றாகும் 4-ஐ நீக்கினால் 60. பெருக்கினால் 16,440. இப்போது கூட்டுங்கள்: 52, 48, 720, 1,096, 3,744, 16,440. சரியாக 22,100 வருகிறது. வராவிட்டால் ஏதோ ஒரு கை இரண்டு இடத்தில் இருக்கிறது, அல்லது எங்குமே இல்லை.

இனித்தான் வகுத்தல். ஒன்றும் அமையாத கை ஏறத்தாழ 74.4 சதவீதம், ஜோடி 16.9, கலர் 5, வரிசை 3.3. ஒரு வேடிக்கை: ஒரே சின்ன வரிசை 48 கைகள்தான், மூன்றும் ஒன்றான கை 52. அரிதானது வரிசைதான், ஆனால் ஆட்ட விதி மூன்றும் ஒன்றான கையையே பெரிதாக வைக்கிறது. விதியின் தரவரிசையைப் பார்த்து நிகழ்தகவை ஊகிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். மூணு சீட்டில் கலரைவிட வரிசை அரிது; போக்கரின் ஐந்து சீட்டில் அது தலைகீழாகப் புரளும்: அங்கே வரிசை 10,200, கலர் 5,108.

ஐந்து சீட்டுக்குப் போனால் புதிதாக ஒரு பள்ளம் காத்திருக்கிறது. மொத்தக் கைகள் 25,98,960. மூன்று ராஜா, இரண்டு 7 என்று வரும் ஃபுல் ஹவுஸை எண்ண, மூன்றுக்கான மதிப்பு 13 விதம், இரண்டுக்கான மதிப்பு 12 விதம். சின்னங்கள் 4, 6. ஆக 13 × 12 × 4 × 6 = 3,744. அதே வழியில் இரண்டு ஜோடிக் கையையும் 13 × 12 என்று தொடங்கினால், விடை இருமடங்காகிவிடும். ஃபுல் ஹவுஸில் இரண்டு மதிப்புக்கும் வேலை வேறு. ராஜாவையும் 7-ஐயும் இடம் மாற்றினால் கையே மாறும். அதனால் அங்கே வரிசை மாற்றம் சரி. இரண்டு ஜோடியில் இரண்டு மதிப்புக்கும் ஒரே வேலை. ராஜா ஜோடியும் 7 ஜோடியும், 7 ஜோடியும் ராஜா ஜோடியும் ஒரே கைதான். எனவே சேர்வு: C(13, 2) = 78. பிறகு 6 × 6, ஐந்தாவது சீட்டுக்கு 44. மொத்தம் 1,23,552, அதாவது சுமார் 4.75 சதவீதம். எந்தக் கையிலும் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் கை மாறுமா?

இவை எல்லாம் யாரும் சீட்டைப் பார்க்காத நிலைக்கான எண்கள். உங்கள் மூன்றைப் பார்த்தபின் கணக்கை மறுபடி தொடங்க வேண்டும். உங்களிடம் இரண்டு 8, ஒரு ராஜா என்று வையுங்கள். எதிராளியின் கை மீதி 49 சீட்டிலிருந்து: C(49, 3) = 18,424. அவருக்கு மூன்றும் ஒன்றாக அமைய, நீங்கள் தொடாத 11 மதிப்புகளில் தலா 4 வழி, 44. மீதி மூன்று ராஜாவில் ஒரு வழி. மூன்று 8 வர வழியே இல்லை. ஆக 45, சுமார் 409-இல் ஒன்று. பார்க்கும் முன் இது 425-இல் ஒன்றாக இருந்தது.