தனி ராஜாவை மடக்க யானை மட்டும் போதுமா?

ஆட்டம் முடியும் தறுவாயில் உங்களிடம் ராஜாவும் ஒரு யானையும் மிஞ்சியிருக்கின்றன. எதிராளியிடம் ராஜா மட்டும். இது வெற்றி ஆட்டம் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் இந்த நிலையிலிருந்து நாற்பது, ஐம்பது நகர்த்தல்கள் ஓடி, கடைசியில் கை குலுக்கி டிரா செய்துகொண்டு எழும் பிள்ளைகளைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குத் திறமை இல்லாமல் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்த சில தவறான நம்பிக்கைகள்தான் அவர்களைச் சுற்றவிடுகின்றன.

நம்பிக்கை: செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ராஜா எப்படியும் மாட்டும்.

மாட்டாது. பலகையின் நடுவில் நிற்கும் ராஜாவுக்கு யானையால் செக் வைத்தால், அது அந்த வரிசையை விட்டு ஒரு கட்டம் விலகும். மறுபடி செக் வைத்தால் மறுபடி விலகும். எந்தப் பக்கம் விலகுவது என்பதை ஒவ்வொரு முறையும் எதிராளிதான் தீர்மானிக்கிறார். பல சமயம் அந்த விலகல் அவருக்கு நல்ல இடத்தைத் தந்துவிடுகிறது.

செக்மேட் எப்படி அமைகிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். கறுப்பு ராஜா 8-ஆம் வரிசையில், மூலையில் இல்லாமல் d8-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது போகக்கூடிய கட்டங்கள் ஐந்து: பக்கத்தில் c8, e8, முன்னால் c7, d7, e7. 8-ஆம் வரிசையில் வந்து செக் வைக்கும் யானை பக்கத்துக் கட்டங்கள் இரண்டையும் அடைத்துவிடும். முன்னால் இருக்கும் மூன்றை யார் அடைப்பது? d6-இல் நிற்கும் வெள்ளை ராஜாதான். மூன்றையும் ஒரே இடத்தில் நின்று காவல் காக்க அதைவிட நல்ல கட்டம் கிடையாது.

ராஜாக்கள் ஒரே செங்குத்து வரிசையில், நடுவில் ஒரே ஒரு கட்டம் விட்டு, நேருக்கு நேர் நிற்கும்போது நம் முறை வந்தால் அப்போதுதான் யானையின் செக்குக்கு மதிப்பு. ஓரத்தில் அது மேட். நடுப்பலகையில் அது எதிராளியை ஒரு வரிசை பின்னால் தள்ளும். வேறு சமயங்களில் கொடுக்கும் செக் பெரும்பாலும் வீண். யானை பேசாமல் ஒரு வரிசையில் வேலிபோல நின்றுகொண்டிருந்தால் போதும். எதிராளி அதைத் தாண்டி வர முடியாது.

நம்பிக்கை: நம் ராஜா பத்திரமாகப் பின்னால் இருக்கட்டும், யானை பார்த்துக்கொள்ளும்.

ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு இது நல்ல அறிவுரை. இங்கே இதுதான் கெடுக்கிறது. எதிராளியிடம் செக் கொடுக்க ஒரு காயும் இல்லை. ராஜாவுக்கு ராஜாவே செக் வைக்க முடியாது. ஆகவே நம் ராஜாவுக்கு இனி ஆபத்து என்பதே இல்லை. நடக்க வேண்டியது அதுதான்.

எப்படி நடப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எதிரி ராஜாவுக்கு நேர் எதிரே நாமே போய் நின்றால், அடுத்த முறை அவருடையது; அவர் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்து தப்பிவிடுவார். மாறாக, குதிரை தாவும் தூரத்தில், அதாவது இரண்டு வரிசை தள்ளி, ஒரு கட்டம் பக்கவாட்டில், நாம் நிற்க வேண்டும். அப்போது அவர் நம் பக்கம் நகர்ந்தால் தானாக நேருக்கு நேர் வந்து நிற்பார். முறை நம்முடையதாக இருக்கும். மறுபக்கம் ஓடினால் நாமும் ஒரு கட்டம் கூடவே நடப்போம். பலகை எட்டுக் கட்டம்தான், எவ்வளவு தூரம் ஓடுவார்?

ஒரு நிலையைப் பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள். வெள்ளை ராஜா e5, யானை a6. கறுப்பு ராஜா e7. முறை வெள்ளையுடையது.

ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கின்றன, முறை நம்முடையது. செக் வைக்க வேண்டிய தருணம் இதுதான். யானை a7. கறுப்பு கடைசி வரிசைக்குப் போயாக வேண்டும். f8-க்குப் போனால் யானையை விட்டு விலகிப் போகிறது. கதை சீக்கிரம் முடியும். ராஜா e6, அது g8. ராஜா f6, அது h8. ராஜா g6, அது g8-க்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. யானை a8, மேட். விவரமான எதிராளி யானையைத் தாக்கப் பார்ப்பார், ஆகவே d8-க்குப் போவார்.

இரண்டாவது நகர்த்தல், ராஜா e6. குதிரை தாவும் தூரம். கறுப்பு e8-க்கு வந்தால் யானை a8-இல் மேட். அதனால் c8. மூன்றாவது, ராஜா d6. கறுப்பு b8-க்கு வந்து a7-இல் இருக்கும் யானையைத் தாக்குகிறது.

நம்பிக்கை: யானையைத் தாக்கினால், நம் ராஜாவைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

இங்கேதான் பலர் பதறுகிறார்கள். ராஜாவைத் திருப்பி அழைப்பார்கள், இல்லை யானையை வேறு வரிசைக்குத் தூக்கிவிடுவார்கள். அதுவரை கட்டிய வேலி போய்விடும். யானைக்கு அதே வரிசையில் மறுகோடி இருக்கிறது. நான்காவது நகர்த்தல், யானை a7-இலிருந்து h7. 7-ஆம் வரிசை இன்னும் அடைபட்டே இருக்கிறது. கறுப்பு ராஜா அவ்வளவு தூரம் நடந்து வந்து மறுபடி தாக்குவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இந்த முறையில் யானை எப்போதும் எதிரி ராஜாவிலிருந்து எட்ட நிற்பது நல்லது.

கறுப்பு c8-க்குத் திரும்புகிறது. இப்போதைய நிலையைச் சற்று நின்று பாருங்கள்: வெள்ளை ராஜா d6, யானை h7, கறுப்பு ராஜா c8, முறை வெள்ளையுடையது. குதிரை தாவும் தூரம் சரியாகவே இருக்கிறது, ஆனால் முறைதான் தவறு. கறுப்பின் முறையாக இருந்திருந்தால் d8-க்கு வந்து மாட்டும், இல்லை b8-க்கு ஓடும். நாம் என்ன ஆடுவது? ஆசைப்பட்டு h8-இல் செக் வைத்தால் கறுப்பு b7-க்கு இறங்கிவிடும். c7-ஐயும் d7-ஐயும்தான் நம் ராஜா காக்கிறது, b7 திறந்து கிடக்கிறது. ராஜாவை c6-க்கு நகர்த்தினால் நாமே நேர் எதிரே போய் நிற்கிறோம். கறுப்பு d8-க்கு விலகும், துரத்தல் திசை மாறித் தொடரும்.

சரியான நகர்த்தல் யானை g7. எதையும் தாக்கவில்லை, செக்கும் இல்லை. யானை அதே வரிசையில் ஒரு கட்டம் நகர்ந்தது, அவ்வளவே. ஆனால் முறை கறுப்புக்குப் போய்விட்டது. சதுரங்கத்தில் ‘பாஸ்’ சொல்ல முடியாது. நகர்ந்தே ஆக வேண்டும். இந்த முடிவாட்டத்தின் உயிர் இந்த ஒரு நகர்த்தலில் இருக்கிறது என்பேன். பயிற்சியில் நேரம் குறைவாக இருந்தால் பிள்ளைகளுக்கு வேறெதையும் விட்டுவிட்டு இதைச் சொல்லிக்கொடுக்கலாம். வீணாகத் தோன்றும் இந்த நகர்த்தலை ஆட மனம் வராததால்தான் பாதிப் பேர் செக் வைத்துக் கெடுக்கிறார்கள்.

இனி d8-க்கு வந்தால் யானை g8-இல் மேட். ஆகவே கறுப்பு b8. ஆறாவது, ராஜா c6. c8-க்கு வந்தால் மறுபடி g8-இல் மேட், ஆகவே a8. ஏழாவது, ராஜா b6. கறுப்புக்கு இருக்கும் ஒரே கட்டம் b8. எட்டாவது, யானை g8, மேட்.

ஏழாவது நகர்த்தலில் ஒரு குழி இருக்கிறது. மூலையில் ராஜாவைப் பார்த்ததும் யானையை b7-க்குக் கொண்டுவரத் தோன்றும். அங்கே அதற்கு c6-இல் இருக்கும் ராஜாவின் துணை உண்டு, பார்க்கவும் வலுவாகத் தெரியும். ஆனால் கறுப்புக்கு a7-ம் இல்லை, b8-ம் இல்லை, யானையை வெட்டவும் முடியாது, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், டிரா. ராஜா மூலைக்குள் போனதும் கையை யானைமேல் வைக்கும் முன், அதற்கு நகர ஒரு கட்டமாவது மிஞ்சுகிறதா என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

நம்பிக்கை: மூலைக்குத் தள்ளினால்தான் மேட் ஆகும்.

மேலே கண்டதே பதில். c8, d8, e8 எங்கு தவறினாலும் மேட் காத்திருந்தது. மேட்டுக்குத் தேவை பலகையின் ஏதாவது ஓர் ஓரம். பிஷப்பும் குதிரையும் வைத்து மடக்கும்போதுதான் குறிப்பிட்ட மூலை வேண்டும். அந்த விதியை இங்கே கொண்டுவரத் தேவையில்லை.

நம்பிக்கை: தனி ராஜா ஆனதும் பதினாறு நகர்த்தலுக்குள் முடிக்காவிட்டால் டிரா.

நம் ஊரில் அண்ணன், மாமா என்று வழிவழியாக வரும் கணக்கு இது. சிலர் இருபத்தொன்று என்பார்கள். சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளில் இப்படி எதுவும் இல்லை. அங்கே இருப்பது ஐம்பது நகர்த்தல் விதி: கடைசியாக ஒரு சிப்பாய் நகர்ந்ததிலிருந்து அல்லது ஒரு காய் வெட்டப்பட்டதிலிருந்து, இரு தரப்பும் ஆளுக்கு ஐம்பது நகர்த்தல் ஆடியிருந்தால் டிரா கோரலாம். யாரும் கோராவிட்டாலும் எழுபத்தைந்தில் நடுவரே டிரா என்று முடித்துவிடுவார். தனி ராஜா ஆன நொடியில் எண்ணத் தொடங்குவது சரியல்ல. பெரும்பாலும் எதிராளியின் கடைசிக் காயை வெட்டியதும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும் என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

பதினாறு என்ற எண்ணுக்கு வேறொரு பொருள் உண்டு. வெள்ளையின் முறையில், யானை பறிபோகாத எந்த நிலையிலிருந்தும், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அதிகபட்சம் பதினாறு நகர்த்தலில் மேட். நாம் சற்றுச் சுற்றி வளைத்தாலும் ஐம்பதுக்குள் தாராளமாக முடியும். முறை தெரியாமல் சுற்றினால் ஐம்பதும் போதாது. 1912-இல் ஸ்பெயின் பொறியாளர் லியோனார்டோ டோரஸ் கெவேடோ, ராஜாவும் யானையும் கொண்டு தனி ராஜாவை மடக்கும் ஓர் இயந்திரம் செய்தார். 1914-இல் பாரிஸில் அது ஆடிக் காட்டியது. மனிதர் கறுப்பு ராஜாவை எப்படி நகர்த்தினாலும் சில நிலையான விதிகளைக் கொண்டே அது மேட் செய்துவிடும். ஆனால் மிகக் குறுகிய வழியை அது தேடாததால், சில நிலைகளில் ஐம்பது நகர்த்தலைத் தாண்டியது.

கடிகாரம் வைத்து ஆடும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் நேரம் தீர்ந்தால் தோல்வி என்று பயந்து அவசரப்படுபவர்கள் உண்டு. தனி ராஜாவால் யாரையும் மேட் செய்ய முடியாது என்பதால், அந்த நிலையில் நம் நேரம் தீர்ந்தால் ஆட்டம் டிராதான். ஆனால் வெற்றி கைநழுவிவிடும். ஆகவே முடிவாட்டத்துக்கு ஒரு நிமிடமாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.