மடக்கைத் தொடரும் அதன் இரு எல்லைப் புள்ளிகளும்

உயர்தர வகுப்பிலே தூய கணிதம் பயின்ற எவரும் பின்வரும் தொடரை ஒருகாலாயினும் மனனஞ் செய்திருப்பர்.

ln (1 + x) = x − x²/2 + x³/3 − x⁴/4 + …

இதன் அருகே நூல்களில் −1 < x ≤ 1 என்றொரு நிபந்தனை அச்சிடப்பட்டிருக்கும். அந்நிபந்தனையில் வலப்புறத்துக்குச் சமக்குறி உண்டு, இடப்புறத்துக்கு இல்லை. பரீட்சைக்காக இதனை உருப்போட்ட நாம், அச்சமக்குறி ஒருபுறத்துக்கு மாத்திரம் ஏன் வாய்த்தது என்று சிந்தித்தோமல்லோம். ஒருநாள் வகுப்பில் ஆசிரியர் அதனையே வினாவாக்கியபோது, “ln 2 என்பது உண்டு, ln 0 என்பது இல்லை, ஆதலால் ஒன்றில் ஒருங்கும், மறை ஒன்றில் ஒருங்காது” என்று விரைந்து எழுதிக் கொடுத்தோம். விடைத்தாள் பாதிப் புள்ளியுடன் திரும்பி வந்தது. அற்றுப்போன அப்பாதி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் எமது விடையின் குறையைக் காண்பாம். சார்புக்கு ஒரு புள்ளியிலே பெறுமானம் உண்டெனின், அதன் தொடரும் அவ்விடத்தில் ஒருங்கும் என்பது எமது எண்ணமாயிருந்தது. x = 2 என இடுக. ln 3 என்பது ஏறத்தாழ 1.0986 ஆகும், அதில் ஐயமில்லை. தொடரோ 2 − 2 + 8/3 − 4 + 32/5 − … என உறுப்புக்கள் வரவர வீங்கிச் செல்ல, எப்பெறுமானத்தையும் நாடாது அலைகின்றது. x = 1 இலேயே இன்னுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 1/(1 + x) என்பதன் தொடர் 1 − x + x² − x³ + … ஆகும். x = 1 ஆயின் சார்பின் பெறுமானம் ½; தொடரின் கூட்டுத்தொகையோ 1, 0, 1, 0 என மாறிமாறி வரும்; ஒருங்காது. ஆகவே ln 2 உண்டு என்பதனால் மட்டும் எதுவும் நிறுவப்பட்டதாகாது.

பின் எவ்வாறு நிறுவுவது? முடிவில்லாத தொடரை விடுத்து, முடிவுள்ள ஒரு சமன்பாட்டிலிருந்து தொடங்குதலே தக்கது. பெருக்கல் விருத்தியின் கூட்டுத்தொகையிலிருந்து,

1/(1 + t) = 1 − t + t² − … + (−1)ⁿ⁻¹ tⁿ⁻¹ + (−1)ⁿ tⁿ/(1 + t)

எனப் பெறுகின்றோம். இறுதி உறுப்பு விட்டுப்போன மீதி; அதனைச் சேர்த்திருப்பதால், t = −1 ஒழிந்த ஏனைய எல்லா t க்கும் இது பிழையின்றி உண்மையாம். இருபுறத்தையும் 0 இலிருந்து x வரை தொகையிட்டால், இடப்புறம் ln (1 + x) ஆகும். வலப்புறம் எமது தொடரின் முதல் n உறுப்புக்களும், tⁿ/(1 + t) என்பதன் தொகையீடாகிய மீதியும் ஆகும். இனிக் கேள்வி ஒன்றே: n பெருகப் பெருக அம்மீதி பூச்சியத்தை நாடுமா? அதிபரவளைவின் கீழுள்ள பரப்பை இவ்வழியே தொடராக்கி, 1668 இல் தமது மடக்கை நூலில் வெளியிட்டவர் நிக்கொலாஸ் மேர்க்காற்றர் ஆவர். (தேசப்படத்தினால் பெயர்பெற்ற மேர்க்காற்றர் வேறொருவர், அவர் முந்திய நூற்றாண்டினர்.)

x = 1 என எடுப்போம். t என்பது 0 இலிருந்து 1 வரை செல்லும்போது, மீதியின் பகுதியாகிய 1 + t என்பது 1 இலிருந்து 2 வரையே செல்லும். அது எவ்விடத்தும் 1 இற் குறையாது. ஆதலால் மீதியின் பருமன், tⁿ என்பதன் தொகையீடாகிய 1/(n + 1) இலும் சிறிதாகும். அப்பகுதி 2 இன் மேற்படாதாதலால், மீதி 1/2(n + 1) என்பதிலும் பெரிதாகும். முதற்கூற்று ஒருங்குதலை நிறுவுகின்றது. N பெருகும்போது மீதி அழிந்துபோவதால் தொடர் ln 2 ஐ அடைகின்றது. தொகையிடுமுன் t = 1 இலே ஒருங்காதிருந்த தொடர், தொகையிட்டபின் ஒருங்குவது எவ்வாறு என்று மாணவர் மயங்குவதுண்டு. tⁿ என்பது t = 1 என்னும் ஒரு புள்ளியில் மாத்திரமே 1 ஆக நிற்கின்றது; அதற்கு இடப்புறத்தில் எங்கும் n பெருகுந்தோறும் சரிந்து வீழ்கின்றது. ஒரு புள்ளியில் நிற்கும் நெட்டுயரத்திற்குப் பரப்பு இல்லை. தொகையீடு பரப்பையே நோக்குவதால் அவ்விடர் நீங்கிவிடுகின்றது.

இரண்டாங்கூற்று இவ்வொருங்குதல் எத்துணை மந்தமானது என்பதைக் காட்டும். கூட்டுத்தொகைகளை வரிசையாக எழுதுவோம்: 1, 0.5, 0.8333, 0.5833, 0.7833, 0.6167, 0.7595, 0.6345, 0.7456, 0.6456. இவை ln 2 இன் பெறுமானமாகிய 0.6931 இற்கு மேலும் கீழுமாக மாறிமாறி விழுகின்றன. ஊஞ்சல் வீச்சுக் குறைந்து வருவதைப் போன்றது இது. பத்து உறுப்புக்களுக்குப் பின் வழு 0.0475. எமது எல்லைகள் 1/22 உம் 1/11 உம், அதாவது 0.0455 உம் 0.0909 உம் ஆகும். வழு அவற்றிற்கிடையே அமைந்திருத்தல் காண்க. மூன்று தசம தானங்கட்குத் திருத்தமாக, வழு 0.0005 இற் குறைய வேண்டுமாயின், ஆயிரம் உறுப்புக்களேனும் கூட்டவேண்டும். ஒருங்குகின்றது என்று சொல்லுதல் ஒன்று. அதனைக் கொண்டு கணித்தல் மற்றொன்று.

இனி x = −1. தொடர் −(1 + 1/2 + 1/3 + 1/4 + …) என்றாகின்றது. எல்லா உறுப்புக்களும் ஒரே குறியின. ஒன்றையொன்று ஈடுசெய்தல் இல்லை. உறுப்புக்களின் பருமன்களோ x = 1 இல் இருந்தவையே; அவை பூச்சியத்தை நாடுகின்றன என்பதும் முன்போன்றதே. உறுப்புக்கள் பூச்சியத்தை நாடினால் தொடர் ஒருங்கும் என்னும் தவறான நம்பிக்கை மாணவரிடத்தில் எளிதில் நீங்குவதில்லை. அதற்கு இதனினும் சிறந்த மருந்து வேறில்லை. ஏறத்தாழ 1350 ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து ஒறேம் என்பார் காட்டிய வழி இது: 1/3 + 1/4 என்பது 1/2 இலும் பெரிது, அடுத்த நான்கு உறுப்புக்கள், 1/5 முதல் 1/8 வரை, சேர்ந்து 1/2 இலும் பெரியன, அடுத்த எட்டும் அவ்வாறே. இங்ஙனம் அரையரையாக முடிவின்றிச் சேர்த்துக்கொண்டே போகலாமாகையால் கூட்டுத்தொகைக்கு மேலெல்லை இல்லை.

எனினும் இதனைக் கணித்துப் பார்த்து அறியலாமென எண்ணுவோர் ஏமாறுவர். பத்து உறுப்புக்களின் கூட்டுத்தொகை 2.929, நூற்றினது 5.187; ஆயிரத்தினது 7.485, பத்து இலட்சத்தினது 14.393. உறுப்புக்களின் தொகையைப் பதின்மடங்காக்கினாலும் கூட்டுத்தொகை 2.3 அளவே கூடுகின்றது. 10 ஐத் தாண்டுதற்கே 12,367 உறுப்புக்கள் வேண்டும். கணிகருவியைப் பார்த்துக்கொண்டிருப்பவன், “நின்றுவிட்டது” என்றே எழுதுவான். x = 1 இல் துள்ளிக்கொண்டிருக்கும் தொடர் ஒருங்குகின்றது; அமைதியாகத் தோன்றும் இத்தொடர் விரிகின்றது. கண்ணுக்குத் தெரியும் அமைதி ஈண்டுச் சான்றாகாது.

மீதியின் வாயிலாகவும் இதனைக் காணலாம். x ஐ −y என எழுதினால், மீதியின் பருமன் tⁿ/(1 − t) என்பதை 0 இலிருந்து y வரை தொகையிட்டு வருவது. y < 1 ஆயின் பகுதி 1 − y இற் குறையாது, மீதி அழிந்துபோகும், தொடர் ஒருங்கும். y = 1 ஆனவுடன் பகுதி t = 1 இலே பூச்சியமாகின்றது; தொகுதியாகிய tⁿ அவ்விடத்தில் 1 ஆகவே நிற்பதால் அதனைத் தணிக்கமாட்டாது. n எவ்வளவு பெரிதாயினும் மீதி முடிவிலியே. வலப்புறத்தில் 2 ஆக நின்று காத்த பகுதி, இடப்புறத்தில் பூச்சியமாகிக் கைவிட்டது.

இப்பொழுது எமது பழைய விடைக்குத் திரும்புவோம். ln 0 இல்லை என்ற பாதி செல்லுமா? செல்லும்; ஆயின் ஒரு காரணங் காட்டவேண்டும். 1 + 1/2 + 1/3 + … என்பது ஓர் எண் M ஐத் தாண்டாதெனக் கொள்க. அப்போது 1 இலும் குறைந்த ஒவ்வொரு நேர் y க்கும் y + y²/2 + y³/3 + … என்பதும் M ஐத் தாண்டமாட்டாது. ஆனால் அத்தொடர் −ln (1 − y) அன்றோ? y ஐ 1 இற்கு அண்மையாக எடுத்து அதனை விரும்பியவாறு பெரிதாக்கலாம். முரண்பாடு எழுகின்றது, ஆகவே தொடர் விரியும். சார்பு முடிவிலியை நாடுமிடத்தில் தொடர் ஒருங்கமுடியாது என்பது இவ்வாறு திண்ணமாகின்றது. சார்பு முடிவுள்ளதாயிருத்தல் தொடரை ஒருங்கச் செய்யாது என்பது முன்னரே கண்டோம். நாம் இழந்த பாதிப்புள்ளி இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதற்கே. x = 1 இல் ln 2 உண்டு என்பதுடன், மீதி அழிகின்றது என்பதையும் தனியே காட்டியிருத்தல் வேண்டும்.

x = 1 இலே கிடைத்த ஒருங்குதலும் குறிகள் மாறிமாறி வரும் அவ்வரிசையை நம்பியே நிற்கின்றது. அதே உறுப்புக்களை, நேருறுப்பு ஒன்றுக்கு மறையுறுப்பு இரண்டாக, 1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + … என எழுதுக. ஒவ்வொரு நேருறுப்பையும் அதனையடுத்த மறையுறுப்போடு கூட்டினால் 1/2 − 1/4 + 1/6 − 1/8 + … எனவாகும். இது ½ ln 2. ஓர் உறுப்பும் விடுபடவில்லை, ஓர் உறுப்பும் இருமுறை வரவில்லை, கூட்டுத்தொகை பாதியாயிற்று. குறிகளை நீக்கிய தொடர் x = −1 இன் தொடரேயாதலால், அங்குள்ள விரிவே இங்கு இவ்வாறு தலைகாட்டுகின்றது.

ஆதலின் ln 2 ஐக் கணிக்க விரும்புவோர் x = 1 ஐ நாடவேண்டியதில்லை. ln 2 = −ln (1/2) என்பதனால் x = −1/2 என இட்டு, 1/2 + 1/8 + 1/24 + 1/64 + … எனக் கூட்டலாம். ஆயிரம் உறுப்புக்களால் அங்குப் பெற்றதிலும் மேலானதை, இங்குப் பத்தே உறுப்புக்கள் தருகின்றன: 0.69306. உண்மைப் பெறுமானம் 0.69315.