மூன்று பொடி, ஒரே விலை

கேள்வி: வீட்டில் அரைத்த பொடிகளை இணையத்தில் விற்கிறேன். 100 கிராம் பாக்கெட்டை ஒருவரும் தனியாக வாங்குவதில்லை, தபால் செலவே விலைக்குச் சமமாகிறது. காம்போவாகப் போடலாமா?
– ஒரு வாசகி, ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் எதிலிருந்து எவ்வளவு குறைகிறது என்பது வாங்குபவருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

உதாரணமாக, இட்லிப் பொடி 60 ரூபாய், பருப்புப் பொடி 70, கறிவேப்பிலைப் பொடி 50 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 180. காம்போ விலை 165. பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: 'தனித்தனியாக 60 + 70 + 50 = 180 ரூபாய். சேர்த்து வாங்கினால் 165. மிச்சம் 15 ரூபாய்.' சிறு தொகைக்குச் சதவீதம் வேண்டாம். '8% தள்ளுபடி' மனதில் பதியாது, 15 ரூபாய் பதியும். மூன்று பாக்கெட்டும் படத்தில் தெரியட்டும், 'தலா 100 கிராம்' என்பது தலைப்பிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் பெரிய பாக்கெட்டை எதிர்பார்த்தவர் திருப்பி அனுப்புவார்.

அந்த 180 நிஜமாக இருக்க வேண்டும். மூன்றையும் அதே விலைக்குத் தனியாகவும் விற்பனையில் வையுங்கள். சந்தேகப்படுபவர் போய்ப் பார்த்துக்கொள்வார். காம்போவுக்காகத் தனி விலையை ஏற்றினால் பழைய வாடிக்கையாளரிடம் உடனே மாட்டிக்கொள்வீர்கள். மூன்றையும் தனியாக ஆர்டர் செய்தாலும் ஒரே பெட்டியில்தான் அனுப்புவீர்கள் என்றால், தபால் செலவையும் மிச்சக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பொதியோடு சேர்த்து எடை அரைக் கிலோவைத் தாண்டுகிறதா என்று நிறுத்துப் பாருங்கள். தாண்டினால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும், 15 ரூபாய் தள்ளுபடியோடு அந்தக் கூடுதல் செலவும் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

விற்காத பொடியை இதில் தள்ளிவிடவும் வேண்டாம். 'அது இல்லாமல் கிடைக்குமா?' என்று வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால், அதை மாற்றிவிடுங்கள்.