பேரிங் சீட்டுக்கு Ø15 என்று மட்டும் போட்டால் என்ன ஆகும்?

போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன ஷாஃப்ட் செய்தோம். இரண்டு பக்கமும் 6202 பேரிங். உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மி.மீ. கேட் மாடலில் ஷாஃப்ட்டுக்கு 15, ஹவுசிங்குக்கு 35 என்று வரைந்தோம். அசெம்பிளியில் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. செய்து வந்த ஷாஃப்ட்டில் பேரிங்கும் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது. சந்தோஷமாக மாட்டி ஓட்டினோம்.

சில நாளில் சத்தம் வர ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் பேரிங் உட்கார்ந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளப்பாகத் தேய்ந்திருந்தது. ஓரத்தில் துரு நிறத்தில் பொடி. மைக்ரோமீட்டர் வைத்தால், தேயாத இடத்திலேயே 14.97. லேத் அண்ணனிடம் கேட்டோம். "தம்பி, டிராயிங்ல வெறும் 15-னுதானே போட்டிருக்க? 14.97 அதுக்குள்ளதானே வருது" என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் டைட்டில் பிளாக்கில் ISO 2768-m என்று இருந்தது. அதன்படி 15 மி.மீ. அளவுக்கு ±0.2 வரை விடலாம். 14.8 கொடுத்திருந்தால்கூட அவர்மேல் தப்பு சொல்ல முடியாது.

0.03 மி.மீ. இடைவெளி அவ்வளவு பெரிய விஷயமா? கணக்குப் போட்டுப் பாருங்க. ஷாஃப்ட் சுற்றுகிறது, பெல்ட் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது. உள் வளையம் ஷாஃப்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதால், விரலில் தொளதொளவென்று இருக்கும் மோதிரம் மாதிரி ஷாஃப்ட்டின் மேல் உருள ஆரம்பிக்கும். இரண்டின் சுற்றளவிலும் உள்ள வித்தியாசம் π × 0.03, அதாவது சுமார் 0.094 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் வளையம் அவ்வளவு பின்தங்கும். நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால், ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 8 மீட்டர்! பந்துகள் உருள்வதற்காக வாங்கிய பேரிங், தன் சீட்டிலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பொடி அங்கிருந்து வந்ததுதான்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. சுமை எந்த வளையத்தின்மேல் சுற்றிச் சுற்றி விழுகிறதோ, அந்த வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும். எங்கள் ஷாஃப்ட்டில் அது உள் வளையம். வெளி வளையத்தில் சுமை ஒரே இடத்தில் நிற்பதால், அது லேசாகத் தளர்ந்திருந்தாலும் ஊராது.

சரி, எவ்வளவு இறுக்கம்? இங்கேதான் நம்மில் பலர் தடுக்கி விழுகிறோம். டிசைன் டேட்டா புக்கில் இருக்கும் ஃபிட் சார்ட்டில் துளை என்றால் H7 என்றுதான் பார்த்திருப்போம். 15 மி.மீ.க்கு H7 என்றால் 15.000 முதல் 15.018 வரை. துளை எப்போதும் பெரிய பக்கம் போகும். பேரிங்கின் துளை அப்படி இல்லை. சாதாரண தர பேரிங்கில் 15 மி.மீ. துளை 14.992 முதல் 15.000 வரை, அதாவது சின்ன பக்கம்தான் போகும். அதனால் சார்ட்டில் "டிரான்சிஷன்" என்று படித்த ஷாஃப்ட் குறியீடுகள், பேரிங்கோடு சேரும்போது இறுக்கமான பக்கம் நகர்ந்துவிடும்.

j6-ஐ எடுத்துக்கொள்வோம். ஷாஃப்ட் 14.997 முதல் 15.008 வரை வரும். H7 துளையில் அது 21 மைக்ரான் வரை தளரலாம். அதே ஷாஃப்ட் பேரிங்கில் அதிகபட்சம் 3 மைக்ரான்தான் தளரும், 16 மைக்ரான் வரை இறுகும். இரண்டுமே நடு அளவில் வந்தால் 6.5 மைக்ரான் இறுக்கம். k6 என்றால் ஷாஃப்ட் 15.001 முதல் 15.012 வரை. பேரிங்கோடு அது எப்போதுமே இறுக்கம்தான், நடு அளவில் 10.5 மைக்ரான்.

அப்படியென்றால் k6 போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அவசரப்படாதீங்க. வளையத்தை இறுக்கமாக ஏற்றும்போது அது விரியும். அந்த இறுக்கத்தில் சுமார் 80 சதவீதம், பந்துகளுக்கு இருக்கும் உள் இடைவெளியைத் தின்றுவிடும். சாதாரண 6202-இல் அந்த இடைவெளி 3 முதல் 18 மைக்ரான், நடு அளவு 10.5. j6 போட்டால் அதில் சுமார் 5 மைக்ரான் மிஞ்சும். k6 போட்டால் மிஞ்சுவது 2 மட்டும். ஷாஃப்ட் சூடாகி உள் வளையம் இன்னும் விரிந்தால் அதுவும் போய், பந்துகள் நசுங்கி ஓடும். அதனால் எங்களுடையது மாதிரி லேசான பெல்ட் சுமைக்கு j6 போதும். சுமை அதிகமாகி k6 தேவைப்பட்டால், உள் இடைவெளி கூடுதலாக உள்ள C3 பேரிங் கேளுங்கள். அதில் 11 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும்.

ஹவுசிங்குக்கு H7. துளை 35.000 முதல் 35.025 வரை, பேரிங்கின் வெளி விட்டம் 34.989 முதல் 35.000 வரை. கையால் தள்ளினால் நகரும். இந்தத் தளர்வு வேண்டும் என்றே வைப்பது. 100 மி.மீ. எஃகு ஷாஃப்ட் ஹவுசிங்கைவிட 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.05 மி.மீ. அளவுக்கு நீளும். ஒரு பேரிங்கை இரண்டு பக்கமும் பிடித்துவிட்டு, இன்னொன்றின் வெளி வளையத்துக்குப் பக்கவாட்டில் அரை மி.மீ. இடம் விட்டு வரையுங்கள். நீளும் ஷாஃப்ட் அந்தப் பக்கம் போய்க்கொள்ளும்.

இப்போது மாடலுக்கு வருவோம். ஸ்கெட்சில் அளவு 15 ஆகவே இருக்கட்டும், 15.0025 என்றெல்லாம் வரைய வேண்டாம். சாலிட்வொர்க்ஸில் அந்த அளவைத் தேர்ந்தெடுத்து, `Tolerance/Precision` பகுதியில் `Fit with tolerance` எடுத்து, ஷாஃப்ட்டுக்கு `j6` கொடுங்கள். டிராயிங்கில் +0.008, −0.003 தானாக வரும். ஹவுசிங் துளைக்கு அதே மாதிரி `H7`. ஒன்றை மறக்காதீங்க: `Interference Detection` பார்ப்பது வரைந்த அளவை மட்டும்தான். அது "ஒன்றும் இல்லை" என்று சொன்னதை நம்பித்தான் நாங்கள் ஏமாந்தோம்.

சீட்டின் வடிவமும் முக்கியம். 6202 சாய்ந்து நிற்கும் ஷோல்டர் குறைந்தது 19.2 மி.மீ. விட்டம் வேண்டும், நாங்கள் 20 வைத்தோம். மூலையில் ஃபில்லெட் 0.6-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பேரிங் ஷோல்டரைத் தொடாமல் ஃபில்லெட்டின் மேல் ஏறிக் கோணலாக நிற்கும். 0.4 வைத்தால் நிம்மதி. j6 பேரிங் உட்காரும் நீளத்துக்கு மட்டும் போதும். அதற்கு முன்னால் பேரிங் கடந்து வரும் பகுதியை 14.9 ஆக்கிவிட்டால், வழி நெடுக அடித்து ஏற்ற வேண்டியதில்லை.

கடைசியாக, அளக்கும் கருவி. j6-இன் மொத்த அகலமே 11 மைக்ரான். நம் லேபில் இருக்கும் வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் 20 மைக்ரான். அதை வைத்து இந்த சீட்டைச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவே முடியாது. 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். லேத்திலிருந்து எடுத்த சூட்டோடும் அளக்காதீங்க. 40 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் 15 மி.மீ. ஷாஃப்ட் 7 மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறிய பிறகு பார்த்தால் சீட் தளர்ந்திருக்கும்.

இரண்டாவது ஷாஃப்ட்டை j6 போட்ட டிராயிங்கோடு அதே அண்ணனிடம் கொடுத்தோம். "இதுக்கு கிரைண்டிங் போகணும், காசு கூட ஆகும்" என்றார். கொடுத்தோம். இந்த முறை பேரிங் கையால் ஏறவில்லை. உள் வளையத்தில் மட்டும் படுகிற மாதிரி ஒரு குழாயை வைத்து அழுத்தித்தான் ஏற்றினோம். ஏற்றிய பிறகு வெளி வளையத்தை விரலால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றியது. கையால் ஏறக் கூடாது, ஏறிய பிறகு தடையில்லாமல் சுற்ற வேண்டும். உங்கள் ஷாஃப்ட்டிலும் மோட்டாரை இணைப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.