பேனருக்கு எத்தனை புள்ளி, நோட்டீஸுக்கு எத்தனை புள்ளி?

பொங்கல் விழாவோ பாரதி விழாவோ நெருங்கினால் சங்கத்தில் இரண்டு அச்சு வேலைகள் சேர்ந்தே வரும். மேடையின் பின்புறம் கட்ட ஒரு பெரிய பேனர். வாசலில் கையில் கொடுக்க நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட ஒரு நோட்டீஸ். பெரும்பாலும் இரண்டிலும் ஒரே படத்தைத்தான் போடுகிறோம். பேனர் பெரியது, ஆகவே அதற்கு மிக நுணுக்கமான படம் வேண்டும். நோட்டீஸ் சிறியது, அதற்கு ஏதோ ஒரு படம் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அங்குலத்துக்கு அங்குலம் பார்த்தால், நோட்டீஸுக்குத்தான் நுணுக்கம் அதிகம் தேவை. அது ஏன் என்று சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கணினியில் உள்ள புகைப்படம் நெருக்கமாக வைத்த சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்சல் என்கிறோம். ஒரு படத்தின் அகலத்தில் 3600 புள்ளிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை 6 அங்குலத் தாளில் அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வரும். அதையே 12 அடி, அதாவது 144 அங்குலத் துணியில் பரப்பினால் அங்குலத்துக்கு 25 தான் வரும். புள்ளிகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற இந்தக் கணக்கைத்தான் அச்சகத்தார் டி.பி.ஐ. என்று சொல்கிறார்கள்.

புள்ளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதைத் தீர்மானிப்பது துணியின் அளவு அல்ல, பார்ப்பவரின் கண். கண் மருத்துவர் அறையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் 1862-ல் வகுத்த முறை அது. 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி தூரத்திலிருந்து 6/6 என்ற வரியைப் படித்துவிட்டால் பார்வை சரியாக இருக்கிறது என்பார்கள். அந்த வரியில் எழுத்துக் கோட்டின் தடிப்பு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர். 20 அடி தூரத்தில் சாதாரணக் கண் பிரித்தறியக்கூடிய அளவு அதுதான். அதைவிடச் சிறிய புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்து படமாகவே தெரியும். ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் புள்ளி என்றால் அங்குலத்துக்குச் சுமார் 15 புள்ளிகள்.

தூரம் பாதியானால் புள்ளியும் பாதியாக வேண்டும். ஆகவே மனத்தில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது:

300 ÷ தூரம் (அடியில்) = அங்குலத்துக்கு வேண்டிய புள்ளிகள்

கையில் வைத்துப் படிக்கும் நோட்டீஸ் கண்ணிலிருந்து ஓர் அடி தூரத்தில் இருக்கும். அதற்கு 300 புள்ளிகள் வேண்டும். அச்சகத்தார் வழக்கமாகக் கேட்பதும் இதே அளவுதான். 15 அடிக்கு அப்பாலிருந்து பார்க்கும் பேனருக்கு 20 போதும். 30 அடி என்றால் 10 போதும். இவை குறைந்தபட்ச அளவுகள். கூர்மையான பார்வை உள்ளவர்களையும் கருத்தில் கொண்டு கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சங்கத்தைத் தொடங்கியவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. அளவு 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். அதை 12 அடிக்கு 8 அடி மேடை பேனரில் முழுதாகப் போட வேண்டும். முதல் வரிசை நாற்காலிகள் மேடையின் பின்சுவரிலிருந்து 15 அடி தூரத்தில் இருக்கின்றன. அங்குலத்துக்கு 20 புள்ளி. 144-ஐ 20-ஆல் பெருக்கினால் அகலத்தில் 2880 புள்ளிகள் வேண்டும். புகைப்படத்தை ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 என்று வைத்து எடுத்தால் 3600 புள்ளிகள் கிடைத்துவிடும். தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதே படத்தை நோட்டீஸில் 5 அங்குல அகலத்தில் போட 300-ஐ 5-ஆல் பெருக்கி 1500 புள்ளிகள் வேண்டும். ஆக, ஒரே ஸ்கேன் இரண்டுக்கும் உதவும்.

இதற்கு மாறாக, பேனருக்கும் அங்குலத்துக்கு 300 வைத்தால் அகலத்தில் 43,200, உயரத்தில் 28,800 புள்ளிகள் ஆகின்றன. மொத்தம் 124 கோடிப் புள்ளிகள். கணினி திணறும், கோப்பை அனுப்புவதும் கஷ்டம். பார்ப்பவருக்கோ ஒரு வித்தியாசமும் தெரியாது.

வாசலில் கட்டும் பேனரின் கதை வேறு. அதன் அளவு சிறியதாகவே இருக்கலாம். ஆனால் மக்கள் அதன் பக்கத்திலேயே நடந்து போவார்கள், அருகில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். தூரம் 4 அடி என்றால் 300-ஐ 4-ஆல் வகுக்க 75 வருகிறது. ஃப்ளெக்ஸ் கடைகளில் 72 டி.பி.ஐ. கேட்பது இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘பேனர் எவ்வளவு பெரிது?’ என்பதல்ல, ‘மிக அருகில் வருகிறவர் எத்தனை அடி தூரத்தில் நிற்பார்?’ என்பதுதான்.

படம் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் நம் கைப்பேசிதான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். நீளப் பக்கத்தில் 1600 புள்ளிகள் மட்டுமே மிஞ்சின என்று வையுங்கள். 12 அடி பேனரில் அங்குலத்துக்கு 11 புள்ளிதான் வரும். 27 அடிக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்குக் குறை தெரியாது. முன்வரிசைக்காரர்களுக்கு முகங்கள் மங்கித் தெரியும். படத்தை Document என்ற வழியில் அனுப்பினால் இந்தச் சுருக்கம் நேராது. கடைக்குக் கொடுக்குமுன் கோப்பின் அகலமும் உயரமும் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 72 என்று இருப்பதை 300 என்று மாற்றி எழுதுவதால் மட்டும் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது.

எழுத்துகளுக்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். சாய்ந்த கோட்டில் உள்ள படிப்படியான வெட்டுகளைக் கண் மிக எளிதில் பிடித்துவிடும்; தமிழ் எழுத்தின் வளைவுகளில் அது உடனே தெரியும். எழுத்துகளைப் படத்தோடு ஒட்டிப் புள்ளிகளாக்காமல் கோடுகளாகவே வைத்திருந்தால் எந்த அளவிலும் கூர்மை குறையாது. வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்காரரின் கணினியில் நமது தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் உருமாறிவிடும். அதைப் படித்துத் திருத்த அவருக்குத் தமிழும் தெரியாது. கோரல்டிரா போன்ற மென்பொருளில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து Convert to Curves கொடுத்த பிறகே கோப்பை அனுப்புங்கள். அதன்பின் எழுத்தைத் திருத்த முடியாது என்பதால், பிழை திருத்தம் முடித்த மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பேனரில் ஒரு முகம் வரும் பகுதியில் 10 அங்குலத்துக்கு 7 அங்குலம் மட்டும் வெட்டியெடுத்து, பேனரில் வரப்போகும் அதே அளவில் ஏ4 தாளில் அச்சிடுங்கள். அதைச் சுவரில் ஒட்டி 15 அடி தள்ளி நின்று பாருங்கள். அருகில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது அங்கிருந்து சீராகத் தெரிந்தால் தைரியமாக அச்சுக்குக் கொடுக்கலாம். கட்டம் அப்போதும் தெரிந்தால், புகைப்படத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அல்லது பேனரில் அதன் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.