கடைசிச் சொல்லைப் பாருங்கள்: ஸ்லைடு வரிகளைச் சீராக்கும் வழி

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்துக்கு ஒருவர் ஸ்லைடு தயாரிக்கிறார். தலைப்பு: ‘கோடைக்கு முன்’. அதன் கீழே ஐந்து வரிகள்:

- மேல்நிலைத் தொட்டியைக் கழுவுதல்
- மோட்டாரை நேரத்துக்கு நிறுத்த வேண்டும்
- கசியும் குழாய்கள்
- மழைநீர்க் குழியில் மண் அடைத்திருக்கிறது
- வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்துங்கள், லாரித் தண்ணீர்ச் செலவு குறையும்

ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் சரிதான். சேர்த்துப் படித்தால் இடறுகிறது. இதைச் சரிசெய்ய நான்கு படிகள் போதும்.

1. கடைசிச் சொற்களை மட்டும் படியுங்கள். தமிழில் வினை வரியின் முடிவில்தான் வந்து நிற்கும். அதனால் கோணலும் அங்கேதான் தெரியும். கழுவுதல், வேண்டும், குழாய்கள், அடைத்திருக்கிறது, குறையும்: ஐந்து வரி, ஐந்து விதமான முடிவு.

2. ஒரே முடிவைத் தேர்ந்தெடுங்கள். அறிக்கைக்கு ‘கழுவுதல்’ பொருந்தும். அறிவிப்புப் பலகைக்கு ‘கழுவவும்’. எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலைக்கு ‘கழுவுவோம்’ நன்றாக இருக்கும். பிளம்பர் தனியாகச் செய்யப்போகும் வேலைக்கு ‘வோம்’ போட்டால் யார் பொறுப்பு என்பது மறைந்துவிடும். அங்கே ‘தல்’ போட்டு, பக்கத்தில் பொறுப்பாளர் பெயரை எழுதுங்கள். ‘கழுவுதல்’, ‘மாற்றுவது’ இரண்டும் பெயர்தானே என்று கலந்துவிடாதீர்கள். காதுக்கு இரண்டும் வேறு. இந்தக் கூட்டத்துக்கு ‘வோம்’ என்று வைத்துக்கொள்வோம்.

3. வரியின் வேலையை மாற்றுங்கள். விகுதியை மட்டும் ஒட்டினால் போதாது. ‘கசியும் குழாய்கள்’ வெறும் பெயர். அவற்றை என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். ‘மண் அடைத்திருக்கிறது’ என்பது குறை. அதற்கான வேலை மண்ணை அள்ளுவது. ஐந்தாவது வரியில் வேலையும் பலனும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செலவு குறைவதை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

4. தலைப்போடு சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். ‘கோடைக்கு முன் தொட்டியைக் கழுவுவோம்’ சரியாக ஓடுகிறது. ‘கோடைக்கு முன் மோட்டாரை நேரத்துக்கு நிறுத்துவோம்’ இடிக்கிறது. மோட்டாரை நிறுத்துவது தினசரி வேலை. கோடைக்கு முன் ஒருமுறை செய்து முடிப்பதல்ல. அந்த வரியை எப்படி எழுதினாலும் இங்கே ஒட்டாது. ‘தினமும்’ என்ற தலைப்பில் வேறு ஸ்லைடுக்கு அனுப்புங்கள்.

மிஞ்சுவது இது:

கோடைக்கு முன்
- மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவோம்
- கசியும் குழாய்களை மாற்றுவோம்
- மழைநீர்க் குழியின் மண்ணை அள்ளுவோம்
- வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்துவோம்

வரி முடிவில் புள்ளி வைத்தால் எல்லா வரிக்கும் வையுங்கள். இல்லையென்றால் எதற்கும் வேண்டாம். எவ்வளவு திருத்தியும் ஒரு வரி மட்டும் மற்றவற்றோடு சேர மறுத்தால் மொழியோடு மல்லுக்கட்டாதீர்கள். அது அந்தப் பட்டியலைச் சேர்ந்ததே அல்ல.