மண் கப்பும் மூடியும்

"மண் கப்பில் வாங்கிக் குடிங்க சார், டீ ஆறவே ஆறாது." கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இதைக் கேட்கிறேன். கடைக்காரர் சொல்கிறார், நடந்து களைத்தவர்கள் தலையாட்டுகிறார்கள். காரணமும் தயாராக இருக்கிறது: எவர்சில்வர் டம்ளர் கையைச் சுடுகிறது, அப்படியென்றால் சூடு வெளியே போகிறது, மண் கப் கையைச் சுடுவதில்லை, அப்படியென்றால் சூடு உள்ளேயே நிற்கிறது. பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் கலோரிமீட்டரில் வெந்நீர் ஊற்றி, நியூட்டனின் குளிர்வு விதியைச் சரிபார்த்து மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளே இதைச் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. இந்த வாதம் தொடக்கம் முதல் கடைசி வரை தவறு.

முதலில் கை சுடுவதை எடுத்துக்கொள்வோம். எவர்சில்வர் சுடுவது உங்கள் விரல் அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால். உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்தி விரலுக்குள் தள்ளுகிறது. விரலை எடுத்துவிட்டால் டம்ளரைச் சுற்றி இருப்பது காற்று. டம்ளரின் மேல் ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றுப் படலம் வெப்பத்தை எளிதில் வாங்காது. வெப்பம் வெளியேறும் வழியில் பெரிய தடை அதுதான். 4 மில்லிமீட்டர் கனமுள்ள சுட்ட மண் சுவர் தரும் தடை, காற்று தரும் தடையில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலே அதிகம். எவர்சில்வர் சுவரின் தடை இதைவிட மிக மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் பெரிய தடை காற்றில் இருக்கும்போது சுவர் எதனால் ஆனது என்பதற்குப் பெரிதாக வேலை இல்லை. அதோடு, பளபளப்பான எவர்சில்வர் வெப்பக் கதிர்வீச்சை மிகக் குறைவாகவே வெளிவிடும். சுட்ட மண் தாராளமாக வெளிவிடும். பக்கச் சுவர் வழியாகக்கூட மண் கப்புதான் அதிகம் இழக்கிறது.

அடுத்தது, ஊற்றிய உடனேயே நடப்பது. 90 டிகிரி வெந்நீர் 150 கிராம் எடுத்து, 100 கிராம் எடையுள்ள மண் கப்பில் ஊற்றுங்கள். கப் 30 டிகிரியில் இருக்கிறது. அது சூடாவதற்கான வெப்பத்தை உங்கள் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டால், இரண்டும் ஏறக்குறைய 83 டிகிரியில் வந்து நிற்கும். காற்று எதையும் எடுப்பதற்கு முன்பே 7 டிகிரி போயிற்று! 60 கிராம் எவர்சில்வர் டம்ளரில் இதே இழப்பு 3 டிகிரிக்கும் குறைவு. எவர்சில்வரின் தன்வெப்ப ஏற்புத்திறன் மண்ணினுடையதைவிடக் குறைவு, டம்ளரின் எடையும் குறைவு.

மூன்றாவது, மெருகு பூசாத மண் கப் தண்ணீரைக் குடிக்கும். கசிந்த ஈரம் வெளிப்புறத்துக்கு வந்தால் அங்கிருந்தும் ஆவியாகும். கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது இதனால்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே மண் டீயை மட்டும் சூடாக வைத்திருக்கும் என்று எப்படி நம்புகிறோம்?

சரி, சூடு எங்கேதான் போகிறது? பெரும்பகுதி மேலே, திறந்த வாய் வழியாக, ஆவியாகப் போகிறது. இதைத் தராசில் வைத்தே பார்க்கலாம். எவர்சில்வர் டம்ளரில் 150 கிராம் வெந்நீரை, பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசின் மேல் வையுங்கள். வெப்பமானி 85 காட்டும்போது ஓர் எடை, 65 காட்டும்போது ஓர் எடை. 20 டிகிரி இறங்குவதற்கு அந்தத் தண்ணீர் சுமார் 12,500 ஜூல் இழக்க வேண்டும். ஒரு கிராம் ஆவியாகும்போது சுமார் 2,300 ஜூல் கூடவே போகிறது. எடையில் 3 கிராம் குறைந்திருந்தால் 6,900 ஜூல். மொத்த இழப்பில் பாதிக்கு மேல். காற்று வீசாத அறையில், வாய் அகலமான டம்ளரில் ஏறத்தாழ இந்த அளவில்தான் வரும். மின்விசிறியைப் போட்டால் இன்னும் கூடும்.

இப்போது அதே டம்ளரை ஒரு தட்டால் மூடுங்கள். டபராவைக் கவிழ்த்தாலும் போதும். எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும்; ஆறும் வேகம் பாதியளவுக்குக் குறைந்துவிடும். மண்ணா, கண்ணாடியா, எவர்சில்வரா என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதில் கிடைக்கும் வித்தியாசத்தை இந்த ஒரு மூடி சாப்பிட்டுவிடும்.

வரைபடத்திலும் இது தெரியும். நீரின் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, அந்த வித்தியாசத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிராகக் குறியுங்கள். குளிர்வு விதி பொருந்தினால் நேர்கோடு வர வேண்டும். மூடிய டம்ளர் கிட்டத்தட்ட நேர்கோடு தரும். திறந்த டம்ளரின் கோடு தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு வளைந்து சாயும். 30 டிகிரி அறையில், நீர் 90-லிருந்து 60-க்கு வரும்போது வெப்பநிலை வித்தியாசம் பாதியாகிறது. ஆனால் நீராவி அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அதனால் ஆவியாதல், குளிர்வு விதியின் கணக்கைவிட வேகமாகத் தளர்கிறது. 1701-இல் நியூட்டன் எழுதியது காற்று வீசும் இடத்தில் ஆறும் இரும்பைப் பற்றி. அதில் ஆவியாக எதுவும் இல்லை. வளைந்த கோட்டைப் பார்த்துவிட்டு மாணவர்கள் 'பிழை' என்று அழித்து, நேர்கோடாகத் திருத்தி எழுதுகிறார்கள். அழித்த அந்த வளைவில்தான் பாடமே இருக்கிறது.

செய்து பார்ப்பவர்கள் சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். எல்லாக் கப்பிலும் நீரை எடைபோட்டு ஊற்றுங்கள். 'முக்கால் கப்' என்பது அளவாகாது. வாய் அகலம் வேறுபட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். கலக்கிவிட்டு, வெப்பமானியின் குமிழ் சுவரில் படாமல் நடுவில் நிற்கும்படி பிடித்துப் படியுங்கள். டம்ளரைக் கருங்கல் மேடையில் வைக்காதீர்கள், மரப்பலகையில் வையுங்கள். கல்லைத் தொட்டால் எவர்சில்வர் அடிவழியாக நிஜமாகவே சூட்டை இழக்கும். கையில் இறுக்கிப் பிடித்தாலும் அப்படித்தான். எவர்சில்வருக்கு எதிரான வாதம் செல்லுபடியாகும் இடம் இது மட்டுமே.

மண் கப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. தந்தூரி டீக்காரர் கப்பை நெருப்பில் பழுக்கவைத்துவிட்டு ஊற்றுகிறாரே, அங்கே மண் சூட்டைக் கொடுக்கிறது, வாங்குவதில்லை. 2004-இல் ரயில்வே மண் கப்பைக் கொண்டுவந்தது குயவர்களின் பிழைப்பையும் நினைத்துத்தான். அந்தக் காரணத்துக்காக மண் கப்பை வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். சூடு நிற்கும் என்று சொல்லி விற்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை போட்டால் டீ சீக்கிரம் ஆறும் என்பது: இரண்டு ஸ்பூன் சர்க்கரை செய்யும் வித்தியாசம், கரண்டியால் கலக்குவது செய்யும் வித்தியாசத்தைவிடச் சிறியது. வெந்நீர்தான் பச்சைத்தண்ணீரைவிடச் சீக்கிரம் உறையும் என்பது: தான்சானியா மாணவர் எம்பெம்பா கவனித்துச் சொல்லி, 1969-இல் ஆஸ்போர்னுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது; 2016-இல் பர்ரிட்ஜும் லிண்டனும் கவனமாகச் செய்து பார்த்து, அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். பேப்பர் கப் சூட்டைக் காக்கும் என்பது: எடை குறைவு என்பதால் ஊற்றிய உடனே அது அதிகம் வாங்காது, அவ்வளவுதான், திறந்த வாய் அதற்கும் திறந்த வாய்தான்.

பேப்பர் கப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. பௌர்ணமி முடிந்த காலையில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் நடந்து பாருங்கள், தடையை யார் மதித்தார்கள் என்று தெரியும். டீக்கடைக்காரர்களே, எவர்சில்வர் டம்ளருக்குத் திரும்புங்கள். பழைய டீ மாஸ்டர்கள் செய்வதைப் போல, ஊற்றுவதற்கு முன் டம்ளரை ஒரு தடவை கொதிநீரில் அலசுங்கள். அந்த 3 டிகிரி இழப்பும் இருக்காது. மார்கழிக் காற்றில் வாங்கிக்கொண்டு போய் உட்காருபவருக்கு மேலே ஒரு சின்னத் தட்டையும் கொடுத்தனுப்புங்கள்.